குண்டூசி பிடித்த உதடுகள்

என் மனைவி பேசாமல் இருக்கிறாள் என்றால் அவளுடைய வாயில் குண்டூசி இருக்கிறது என்று அர்த்தம். முப்பத்தொரு வருடமாக நாவற்குடாவில், எங்கள் வீட்டு முன்னறையில், அவள் சாறிச் சட்டை தைக்கிறாள். பெரும்பாலும் கல்யாணச் சட்டைகள். துணியை ஆளின் தோளில் வைத்துப் பிடிக்கும்போது இரண்டு கையும் வேண்டும் என்பதால் ஊசிகளை உதட்டின் இடது ஓரத்தில் வரிசையாகக் கவ்விக்கொள்வாள். ஆறு, ஏழு, சில வேளை எட்டு. ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துவாள். அந்த நேரத்தில் யாராவது கேள்வி கேட்டால் புருவத்தால் பதில் சொல்வாள்.

அவளுடைய உதடுகள் வெளிறியவை. நடுப்பகுதி முகத்தின் நிறத்தோடு கலந்துபோயிருக்கும். விளிம்பு மட்டும் மங்கிய தவிட்டு நிறம். இடது கடைவாயருகே, சரியாக ஊசிகள் இருக்கும் இடத்தில், ஒரு நெல்மணி அளவுக்கு நிறமே இல்லாத ஒரு திட்டு. இதில் நோய் எதுவும் இல்லை. இரத்தம் பலமுறை சோதித்தாயிற்று. ஆனால் அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அவளுடைய முகத்தைப் பார்த்து, உடம்புக்கு முடியாதா என்றுதான் கேட்பார்கள்.

"என்ன அக்கா, வருத்தமா?"

"இல்ல புள்ள. நல்லா இரிக்கன்."

"முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு. ரத்தம் காணாது போல. பீற்றூட் சாப்பிடுங்க."

அவள் பீற்றூட் சாப்பிட்டுப் பார்த்தவள்தான். உதட்டுச் சாயமும் பூசிப் பார்த்தாள். அது ஒரே நாளில் முடிந்தது. ஊசித் தலையில் ஒட்டிய சாயம், ஒரு மணப்பெண்ணின் சந்தன நிறப் பட்டுச் சட்டையின் கழுத்தில் கடுகளவு சிவப்பாக இறங்கிவிட்டது. அந்தத் துண்டை அவள் புதிதாக வெட்டித் தைத்தாள். அதற்குப் பிறகு வேலை நாளில் சாயம் பூசுவதில்லை என்று முடிவெடுத்தாள். அவளுக்கு எல்லா நாளும் வேலை நாள்.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். பேக்கரி, இறைச்சிக்கடை, சலூன், கிணறு என்று வாழ்க்கை முழுவதும் பிறருடைய அழுக்கைப் பார்த்துக் குறிப்பெழுதியவன். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது. வேலையில் சேர்ந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு நாளும் கொப்பியில் மூன்று நான்கு வரி எழுதுகிறேன். காற்று எந்தப் பக்கம், வாவியில் தண்ணீர் எவ்வளவு, அது கடலுக்குப் போக முகத்துவாரம் எப்போது வெட்டினார்கள், யார் வந்தார்கள், வீட்டில் யாருக்கு என்ன நோய், என்ன வாசித்தேன். அலுமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் அந்தக் கொப்பிகள்தான். அவற்றை மனைவி திறந்து பார்த்ததில்லை. "அரசாங்கத்துக்கே வேண்டாத அறிக்கை" என்பாள்.

வைகாசியில் ஒரு மதியம், சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சேருங்க, நான் உதட்டுக்கு நிறம் குத்தப் போறன்."

நான் கையில் எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தேன்.

"பச்சை குத்துற மாதிரியா?"

"அதே மாதிரி. ஆனா பச்சை இல்ல, றோஸ். லிப் பிளஷ் எண்டு சொல்றாங்க. ஒரு கல்யாணப் பொம்புள செஞ்சிட்டு வந்திருந்திச்சு. ஊசில ஒட்டாது, துணில ஒட்டாது. நான் அவட உதட்டத் துணியால துடைச்சுப் பாத்தன்."

"துடைச்சியா?"

"கேட்டுத்தான் துடைச்சன்."

ஐம்பத்தாறு வயதில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது. ஆனால் அவள் சோற்றைப் பார்த்தபடி, "எனக்கு ஒருநாளாவது ஒருத்தரும் வருத்தமா எண்டு கேக்காம இரிக்கோணும்" என்றாள். அதோடு என் கேள்வி நின்றுவிட்டது.

முதலில் நகரத்தில் ஓர் இடத்துக்குப் போனோம். மாடியில், குளிரூட்டிய அறை, சுவரெல்லாம் உதட்டுப் படங்கள். மனைவிக்குப் பிடித்துப்போனது. நான் சுவரைப் பார்க்கவில்லை. கை கழுவும் தொட்டி எங்கே என்று பார்த்தேன். அறைக்குள் இல்லை, கழிப்பறையில் இருந்தது. அங்கே இருந்த பெண் கையுறையோடு தொலைபேசியில் பேசிவிட்டு அதே கையுறையோடு வந்து மனைவியின் முகவாயைத் தொட்டாள். முந்தி வந்த ஆளுக்குக் கிண்ணத்தில் ஊற்றிய நிறம் மேசையில் மிஞ்சியிருந்தது. அதை அவள் திரும்பக் குப்பிக்குள் ஊற்றியதை என் கண்ணால் கண்டேன். ஊசி எங்கே என்று கேட்டேன். இழுப்பறையைத் திறந்து காட்டினாள். உறையில்லாமல் கிடந்தது. "டெட்டோலில் கழுவித்தான் வச்சிரிக்கம் ஐயா" என்றாள், பெருமையாக.

மனைவி எனக்கு முன்னால் விறுவிறுவென்று படியிறங்கினாள். கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து என் முதுகுக்குச் சொன்னாள்.

"நீங்க பென்சன் எடுத்தது உங்களுக்கு இன்னும் தெரியாது."

"அந்த ஊசி இன்னொருத்தர்ட உதட்டில இருந்தது. நிறம் இருந்த கிண்ணத்திலயும் அந்த ஆள்ட ரத்தம் இரிக்கும். குப்பிக்குள்ள ஊத்தினா எல்லாருக்கும் பங்கு."

பாலம் முடிந்தது. பிறகு, "படம் நல்லா இருந்திச்சு" என்றாள்.

அடுத்ததாகக் கேள்விப்பட்டது செங்கலடியில். ஏறாவூரைத் தாண்டிப் போக வேண்டும். முப்பது வயதுக்குட்பட்ட ஒரு பெண், கொழும்பில் படித்துவிட்டு வந்து, தன் வீட்டின் பக்கத்து அறையில் நடத்துகிறாள். வாசலில் ஒரு பலகை: ஆண்கள் உள்ளே வரக்கூடாது. மனைவி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கும்போது வழக்கம்போலப் புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஊசி மூடிய உறையில் இருக்க வேண்டும், உன் கண் முன்னால் பிரிக்க வேண்டும், உறையில் காலாவதித் திகதி பார். நிறக் குப்பியில் பெயரும் தொகுதி இலக்கமும் திகதியும் இருக்கிறதா. நிறத்தைச் சிறு கிண்ணத்தில் எடுத்து, மிஞ்சியதை எறிகிறாளா. கருவியும் அதன் வயரும் பொலித்தீனால் சுற்றப்பட்டிருக்கிறதா. பாவித்த ஊசியைப் போடக் கெட்டியான மூடிய பெட்டி உண்டா. வேறெதையும் தொட்டால் கையுறை மாற்றுகிறாளா. மனைவி தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். நான் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன்.

முக்கால் மணித்தியாலம் கழித்து வந்தாள். முகத்தில் ஒரு வெட்கம்.

"தாளப் பறிச்சிட்டா."

"ஆர்?"

"அந்தப் புள்ளதான். நான் மேசைக்குக் கீழ ஒளிச்சு வச்சுப் பாத்துப் பாத்துக் கேட்டன். 'குடுங்க அன்ரி, நான் வாசிக்கிறன்' எண்டு வாங்கி ஒண்ணொண்டா எல்லாத்தையும் எடுத்துக் காட்டினா. கடைசில, 'இது எழுதின ஆள் வெளிய இரிக்காரா?' எண்டா."

"நீ என்ன சொன்ன?"

"மரத்துக்குக் கீழ இரிக்கார், கடிக்கமாட்டார் எண்டன்."

அந்தப் பெண் வாசல்வரை வந்தாள். நீலச் சட்டை, தலைமுடியை இறுக்கக் கட்டியிருந்தாள். என்னிடம் கேட்டது என் தாளில் இல்லாத ஒன்று.

"ஐயா, அன்ரி படிவத்தில எல்லாத்துக்கும் இல்லை எண்டு போட்டிருக்கா. சீனி இல்ல, ரத்தம் இளக்குற குளுசை இல்ல, உதட்டில காய்ச்சல் கொப்புளம் வந்ததே இல்ல. ஆனா இந்த ஓரத்தில நிறம் போன திட்டு ஒண்டு இரிக்கு. திரும்பத் திரும்பப் புண் வந்த இடம் மாதிரித் தெரியுது."

மனைவி குறுக்கிட்டாள். "அது கொப்புளம் இல்ல மகள். அது சூடு. கச்சான் எண்ட சூட்டுக் காத்து அடிச்சா வரும், போகும்."

"சின்னச் சின்னத் தண்ணிக் கொப்புளமா, கூட்டமாவா?"

"ஓம்."

"வரமுதல் அரிக்குமா, கூசுமா?"

"ஓம்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அந்த நிமிடம் எனக்குள் நடந்ததை இப்போதும் எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கொப்புளத்தின் கிருமியையும் அதன் பெயரையும் நான் பயிற்சிக் காலத்திலேயே படித்தவன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன். ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சூடு. அது வந்தால் இளநீர், வெந்தயம், மோர். முப்பது வருடம் அந்த இரண்டையும் நான் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்ததேயில்லை. ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் குளோரின் போட்டவன், என் வீட்டு உதட்டைப் பரிசோதிக்கவில்லை.

"அந்தக் கிருமி உடம்பில ஒளிஞ்சிருக்கும் அன்ரி," என்றாள் அந்தப் பெண். "ஊசி போட்டா எழும்பும். புது நிறத்துக்கு மேல கொப்புளம் வந்தா நிறம் திட்டுத் திட்டாப் போகும், புண்ணும் பரவும். டொக்டரிட்டக் காட்டி மருந்து எடுத்துக்கொண்டுதான் செய்யோணும். எந்தெந்த மாசம் வரும் எண்டு தெரியுமா?"

"எனக்கு எங்க தெரியும்," என்றாள் மனைவி. "இவருக்குத் தெரியும்."

அவள் ஆடியில் செய்வதாக நினைத்திருந்தாள். ஆடியில் கல்யாணம் இல்லை. அவளுக்கு ஓய்வாகக் கிடைக்கும் மாதம் அதுதான். வீட்டுக்கு வந்ததும் கொப்பிகளை எடுத்தோம். நான் பழையவற்றிலிருந்து, அவள் புதியவற்றிலிருந்து. முன்னறைத் தரையில், வெட்டிய துணிகளுக்கு நடுவில் இருந்து தேடினோம். நான் ஒரு தாளில் குறித்தேன். ஆனி, கச்சான், கொப்புளம். ஆடி, கச்சான், கொப்புளம். ஆடி, கொப்புளம். ஆனிக் கடைசி. ஒரேயொரு முறை மாசியில், அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்த வருடம்.

சற்று நேரத்தில் அவள் பக்கம் புரட்டும் சத்தம் நின்றிருந்தது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?"

வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து. 'வடகீழ்க் காற்று. வாவி நிறைந்திருக்கிறது. பஸ்ஸில் ஒரு பெண் அவளிடம் வருத்தமா என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.'

"இன்னொண்டு இரிக்கு," என்றாள். வாசித்தாள். "'மழை இல்லை. சட்டை அளவுக்கு வந்த தாயும் மகளும் இரத்தம் போதாது என்று சொன்னார்கள். சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள். அவர்கள் போனபிறகு கண்ணாடி முன்னால் நின்றாள்.'"

அப்படி எத்தனை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. காற்றை எழுதுவது போல எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"நீங்க கவனிக்கிறதே இல்ல எண்டு நினைச்சிட்டிருந்தன்," என்றாள்.

"எழுதினன்."

"எனக்கிட்டச் சொல்லலாமே."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அன்று பின்னேரம் தையல் இயந்திரம் ஓடவில்லை.

ஆடியை விட்டு, கச்சான் ஓயட்டும் என்று புரட்டாசிக்குத் தள்ளினோம். அதுவும் கல்யாணம் குறைந்த மாதம். ஆனால் ஐப்பசி முகூர்த்தங்களுக்கான சட்டைகள் வந்து குவியத் தொடங்கும் காலம். டொக்டர் கொப்புளத்துக்கான குளுசை எழுதிக்கொடுத்து, செய்வதற்கு முன்பே தொடங்கச் சொன்னார். உதட்டில் ஏதாவது தெரிந்தால் அன்று போகவேண்டாம் என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனோம். மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்று அடம்பிடித்தாள். இனிக் கொஞ்ச நாளுக்கு உறைப்பு இல்லையே என்றாள். உள்ளே நடந்தவை அவள் பிறகு சொன்னவை. முதலில் பென்சிலால் வடிவம் வரைந்து கண்ணாடியில் காட்டினாளாம். இடது மேலுதட்டின் விளிம்பு அழிந்திருந்ததால் இரண்டு பக்கமும் சரியாக வர மூன்று தரம் அழித்து வரைந்தாளாம். "நான் கழுத்து வெட்ட முதல் சோக்கால கீறுற மாதிரி. அப்பதான் இது வேலை தெரிஞ்ச கை எண்டு நம்பினன்." பிறகு மரத்துப்போகச் செய்யும் களிம்பு. அது வேலை செய்யும்வரை காத்திருந்து, துடைத்து, ஊசியின் உறையை அவள் முன்னால் பிரித்து, திகதியைக் காட்டி, தொடங்கினாளாம். கருவி, தையல் இயந்திரம் தூரத்தில் ஓடுவது போல இரைந்ததாம். மேல்தோலுக்குள் நுண்ணிய புள்ளிகள், வரிவரியாக. வெளிறிய உதட்டுக்கு வெறும் றோசைப் போட்டால் நீலம் கலந்து தெரியுமென்று கொஞ்சம் செம்மஞ்சள் கலந்தாளாம். அந்த நெல்மணித் திட்டில் மட்டும் மெதுவாகப் போனாளாம். "தழும்புத் தோல் அன்ரி, நிறத்தச் சரியாப் பிடிக்காது. இரண்டாம் தரம் பாக்கோணும்" என்றாளாம்.

மதியம் அவள் வெளியே வந்ததும் கதிரையை விட்டு எழுந்தேன். உதடுகள் தடித்து, செம்பருத்திப் பூ நிறத்தில் இருந்தன. அவள் பேச முயன்று, முடியாமல், கையால் 'எப்படி' என்று கேட்டாள்.

"நல்லா இரிக்கு," என்றேன்.

"பொய்," என்றாள். அந்தச் சொல்லை உதடு முட்டாமல் சொல்ல முடியாது. "ஹொய்" என்று வந்தது. இருவரும் சிரித்தோம். அவளுக்கு வலித்தது.

அந்தப் பெண் என்னிடம்தான் சொன்னாள், நான் எழுதிக்கொள்வேன் என்று தெரிந்து. இப்போதிருக்கும் நிறம் நிற்காது. இரண்டு மூன்று நாளில் காய்ந்து இறுகும். நாலாம் ஐந்தாம் நாள் உரியும். உரிந்தபிறகு ஒன்றுமே செய்யாத மாதிரி வெளிறும். பயப்பட வேண்டாம், புதுத்தோல் மூடியிருக்கிறது. மூன்று நான்கு கிழமையில், இருபத்தெட்டு நாளுக்குள், நிறம் மேலே வரும், முதல்நாள் நிறத்தில் ஏறக்குறைய பாதியாக. ஆறு கிழமைக்கு முன்னால் யார் கேட்டாலும் திரும்பக் குத்த விடவேண்டாம். உறைப்பு, கொதிக்கும் சாப்பாடு, உப்பு, வெயில், வாவிக்குளிப்பு எதுவும் வேண்டாம். உரிகிற தோலைக் கையால் தொடவே கூடாது. நோவு கூடினால், மஞ்சளாய் ஊறினால், காய்ச்சல் வந்தால் நேரே டொக்டரிடம். "நிறமும் எப்பவும் நிக்காது ஐயா. இரண்டு மூண்டு வருசத்தில மங்கும். வெயிலில திரிஞ்சா இன்னும் கெதியா மங்கும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சமையல் மாறியது. அவள் மட்டும் உறைப்பில்லாமல் சாப்பிட நான் மிளகாய்க் கறி தின்பது அநியாயம் என்று எனக்குப்பட்டது. பால்கறி, கஞ்சி, ஆறிய பருப்பு. தண்ணீர், தேநீர் எல்லாம் ஆறவைத்து ஸ்ட்ரோவால். ஒவ்வொரு காலையும் கொதித்தாறிய நீரில் நனைத்த துணியால் அவள் உதட்டை ஒற்றுவாள். பிறகு களிம்பை மெல்லியதாகப் பூசுவாள். நான் ஒரே ஜன்னலருகே, ஒரே நேரத்தில், ஒரே கதிரையில் அவளை இருத்திப் படம் எடுப்பேன். "அடையாள அட்டைக்கு மாதிரி" என்பாள். இரண்டாம் நாள்: வீக்கம் பாதி. மூன்றாம் நாள்: காய்ந்து செங்கல் நிறம், இறுக்கம். கொப்புளம் இல்லை.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு, ஒரு மணப்பெண்ணின் கையை அளந்து, துணியைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதே அறையில் புதினத்தாள் வாசித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் வாயில் ஊசிகள் இருந்தன. பார்த்துவிட்டுத் திரும்பவும் புதினத்தாளுக்குப் போனேன். அவள் வாய் முப்பத்தொரு வருடமாக அப்படித்தான் இருக்கிறது. அதில் பிழை இருப்பது என் கண்ணுக்குத் தெரியவேயில்லை. அவளுக்கும் தெரியவில்லை. மூன்றாவது ஊசியை இழுக்கும்போது "ஸ்ஸ்" என்றாள். அந்த மணப்பெண்தான் முதலில் சொன்னாள்.

"அக்கா, ரத்தம்."

ஊசித் தலையில் உரிந்த தோல் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. தானாக விழ வேண்டியது. அதே இடம், அந்த நெல்மணி இடம். அவள் துணியை முதலில் பார்த்தாள், கறை பட்டதா என்று. படவில்லை. பிறகுதான் வாயைத் தொட்டாள்.

செங்கலடிப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். சுத்தமான துணியால் ஒற்றுங்கள், களிம்பு பூசுங்கள், மற்ற இடத்தைத் தொடவேண்டாம், கிருமி பிடிக்கிறதா என்று பாருங்கள் என்றாள். பிறகு, "ஊசிய வாய்க்குள்ள வைப்பாவா?" என்று கேட்டாள். "நான் எல்லாம் சொன்னனே. வெயில், உறைப்பு, வாவி எல்லாம். குண்டூசியச் சொல்லல்லயே." அவளுக்கும் கவலை. தாளில் எழுத எனக்கும் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

மனைவி அழவில்லை. ஊசிகளைத் துடைத்து டப்பாவில் போட்டு மூடினாள். அன்று மிச்சத் தையலுக்குக் குண்டூசி வைக்கவில்லை. எல்லாவற்றையும் நூலாலேயே பிடித்துத் தைத்தாள்.

கிருமி பிடிக்கவில்லை. எட்டாம் நாள் எல்லாம் உரிந்து முடிந்தது. கண்ணாடியில் பார்த்தவள் கதவருகே வந்து நின்றாள். உதடுகள் பழையபடி வெளிறியிருந்தன. சொல்லப்போனால் முன்னையைவிட வெளிறிப் பால்போல. ஓரத்தில் பழைய திட்டு, சற்றுப் பெரிதாக.

"போயிற்று," என்றாள்.

"அந்தப் புள்ள சொன்னா, இப்பிடித்தான் எண்டு."

"எல்லாருக்கும் அப்பிடிச் சொல்லுவாங்க."

அன்றைக்கே ஒரு தாய் அளவுக்கு வந்து, வருத்தமா என்று கேட்டுவிட்டுப் போனாள். மனைவி அன்று பின்னேரம் சொன்னாள், நகரத்து மாடியில் கேட்டால் உடனே ஒரு தரம் போட்டுவிடுவார்களாம், வந்த மணப்பெண் ஒருத்தி சொன்னாளாம்.

"இருபத்தெட்டாம் நாள்வரைக்கும் தா," என்றேன். "அதுக்குப் பிறகும் வரல்ல எண்டா நானே கூட்டிக்கொண்டு போறன்."

"இருபத்தெட்டு எப்ப?"

கொப்பியைத் திறந்து காட்டினேன். அந்த நாளில் முன்கூட்டியே ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். அவள் கோட்டைப் பார்த்து, "எனக்காகக் கோடெல்லாம் போடுறீங்க" என்றாள்.

பதினைந்தாம் நாள் ஒன்றும் இல்லை. பதினெட்டாம் நாள் எனக்கு மட்டும் ஏதோ தெரிந்தது. சொன்னால் நம்பமாட்டாள் என்று படங்களை அச்செடுத்து வரிசையாகத் தரையில் அடுக்கினேன். எட்டாம் நாள், பதினொன்று, பதினான்கு, பதினெட்டு. ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சம். அவள் குனிந்து நின்றபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நடுவில் ஒரு மெல்லிய றோஸ், பால்சோற்றில் சர்க்கரை கரையத் தொடங்குவது போல. அவள் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். ஆறவைத்து, எனக்கும் ஸ்ட்ரோ போட்டு.

இருபத்தெட்டாம் நாள் நிறம் வந்திருந்தது. அவளுடைய உதட்டுக்கு இயல்பாக இருந்திருக்க வேண்டிய நிறம். யாரும் பூசியதென்று சொல்ல மாட்டார்கள். விளிம்பு இரண்டு பக்கமும் ஒன்று. ஓரத்தில் அந்த ஊசி இடம் மட்டும் வெறுமையாக.

ஏழாம் கிழமை செங்கலடிக்குப் போனோம். குளுசையைத் திரும்பவும் எடுத்திருந்தாள். அந்தப் பெண் விளக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, அந்தத் திட்டை நிரப்பலாம், ஆனால் முழுதாகப் பிடிக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன் என்றாளாம். "அந்த வார்த்தைக்காகவே அவக்கிட்டப் போகலாம்," என்றாள் மனைவி. இந்தத் தடவை அரை மணித்தியாலம்தான். நான் மரத்தடியில் இருந்தேன். வெளியே வந்தபோது அந்தப் பெண் என்னிடம் ஒரு பொதியைத் தந்தாள். உள்ளே குண்டூசி குத்தி வைக்க மணிக்கட்டில் கட்டும், பஞ்சு அடைத்த ஊசிப் பொதி. "இதையும் உங்கட தாளில எழுதுங்க ஐயா," என்றாள்.

மனைவி முதல் இரண்டு நாள் அதைத் திட்டிக்கொண்டே கட்டினாள். கை பாரமாம். கைக்கடிகாரம் போட்ட கங்காணி மாதிரி இருக்கிறதாம். ஊசி எடுக்க வாய்க்குப் போகும் கை பாதி வழியில் நின்று திரும்பும். அதை நான் முன்னறையின் மறுபக்கத்தில் இருந்து பார்ப்பேன். இப்போது நான் புதினத்தாளை அவளுடைய வாயைப் பார்க்கக்கூடியபடி பிடித்துத்தான் வாசிக்கிறேன்.

அந்தத் திட்டு முழுதாகப் பிடிக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் ஓர் எள்ளளவு மிச்சம் தெரியும். திரும்பச் செய்யவேண்டாம் என்றாள். இரண்டு மூன்று வருடத்தில் எல்லாமே மங்குமாம், அப்போது பார்க்கலாமாம்.

கார்த்திகை, மழை விட்ட ஒரு திங்கட்கிழமை. பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி மகளோடு வந்தாள், தைத் திருமணத்துக்கு. வருடாவருடம் தவறாமல் பீற்றூட்டைச் சொல்கிறவள் அவள்தான். மனைவி மணிக்கட்டில் ஊசிப் பொதியோடு மகளின் தோளை அளந்தாள். தாய் மனைவியின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். நான் புதினத்தாளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கண் மனைவியிலிருந்து நகர்ந்து அறையைச் சுற்றி வந்து என்னில் நின்றது.

"ஐயா மெலிஞ்சு போனார் போல. என்ன ஐயா, வருத்தமா?"

மனைவி சிரித்தாள். ஒரு கையில் அளவு நாடா, மறுகையில் ஊசி. வாயை மறைக்கக் கை இல்லை. மறைக்கவும் இல்லை.

"இல்ல," என்றாள் எனக்காக. "ரெண்டு மாசம் என்னோட பால்கறி சாப்பிட்டவர்."

"பீற்றூட் குடுங்க," என்றாள் தாய்.

அன்றைய கொப்பியில் எழுதியது: 'வடகீழ்க் காற்று. மழை விட்டு விட்டு. அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.' எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.